ஆளில்லாத ஆலயத்தில் கேமராவுக்குப் பிரசங்கம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

காலி ஆலயத்தில் முதல்முறை பதிவு செய்தபோது, 40 நிமிடம் வரும் என்று தயாரித்த பிரசங்கம் 29 நிமிடத்தில் முடிந்துவிட்டது. குறிப்பில் ஒரு வரியும் விடவில்லை. பதிவைப் போட்டுப் பார்த்தபோதுதான் மீதி 11 நிமிடம் எங்கே போனது என்று புரிந்தது. சபை இருந்தால் ஒரு கருத்தைச் சொன்னதும் யாராவது "ஆமென்" என்பார்கள், சிரிப்பு வரும், குழந்தை அழும். அதுவரை நாம் நிற்போம். அந்த நிறுத்தம் நம்முடையது என்று நினைத்திருந்தேன், சபைதான் கொடுத்துக்கொண்டிருந்தது. எதிரில் சத்தமே இல்லையென்றால் அமைதி பயமுறுத்தும், அடுத்த வரிக்கு ஓடிவிடுவோம்.

அன்று வசனம் ஆபகூக் 3:17. சபையில் என்றால் பக்கம் புரட்டும் சத்தம் அடங்கும்வரை காத்திருப்பேன். பதிவில் வசன எண்ணைச் சொன்ன இரண்டு விநாடியில் வாசிக்க ஆரம்பித்திருந்தேன். வீட்டில் இருப்பவர் அதற்குள் ஆபகூக்கைக் கண்டுபிடிக்க வாய்ப்பே இல்லை. இப்போது இப்படிச் செய்கிறேன்: எண்ணைச் சொல்லி, "நாகூமுக்கும் செப்பனியாவுக்கும் நடுவில் இருக்கிறது" என்று சேர்த்து, மறுபடி எண்ணைச் சொல்லி, நானும் நிஜமாகவே பக்கத்தைப் புரட்டுகிறேன். அடையாளத் தாளை வைத்துச் சட்டென்று திறந்தால் மறுபடியும் அவசரம் வந்துவிடும். முக்கியக் கருத்துக்குப் பிறகு குறிப்பில் ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறேன். கோடு வந்தால் வாயை மூடி ஒரு முழு மூச்சு. நமக்கு அது நீளமாகத் தோன்றும், பார்ப்பவருக்குத் தோன்றாது.

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு. "பக்கத்தில் இருப்பவரைப் பார்த்துச் சொல்லுங்கள்" என்று பழக்கதோஷத்தில் சொல்லிவிட்டு, காலி பெஞ்சுகளைப் பார்த்துக்கொண்டு நிற்பது. நானும் நின்றிருக்கிறேன். பதில் வரும் என்று எதிர்பார்த்து நிற்பதும், கருத்து இறங்கட்டும் என்று நிற்பதும் முகத்தில் வேறுவேறாகத் தெரியும். "ஆமெனா?" என்று கேட்டுக் காத்திருப்பதை எடுத்துவிடுங்கள். அந்த இடத்தில், தனியாகப் பார்த்துக்கொண்டிருக்கும் ஒருவரிடம் கேட்கக்கூடிய கேள்வியை வையுங்கள்.

அடுத்தது கண். மேடையில் இடது, நடு, வலது என்று பார்வையைச் சுழற்றப் பழகியிருக்கிறோம். திரையில் அது யாருடைய பார்வையையோ தவிர்ப்பதுபோல் தெரியும். இன்னும் மோசமான ஒன்று, கைபேசியைப் படுக்கவைத்து, செல்ஃபி கேமராவில் பதிவு செய்வது. அப்போது லென்ஸ் திரையின் ஓரத்துக்குப் போய்விடும். நாம் திரையில் தெரியும் நம் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்போம். விளைவு, பிரசங்கம் முழுக்க பக்கவாட்டுப் பார்வை. பின்பக்கக் கேமராவைப் பயன்படுத்தினால் அந்தச் சபலமே இல்லை.

பார்வை சற்றுக் கீழே விலகினால் பார்ப்பவர் பெரிதாகக் கவனிக்கமாட்டார். பக்கவாட்டில் விலகினால் உடனே தெரிந்துவிடும். அதனால் குறிப்பை லென்ஸுக்கு நேர்கீழே வையுங்கள், பக்கத்தில் வேண்டாம். தூரமும் உதவும். லென்ஸுக்கு 30 சென்டிமீட்டர் கீழே குறிப்பு இருந்தால், ஒன்றரை மீட்டர் தூரத்தில் கண் ஏறக்குறைய 11 பாகை இறங்கும். 4 மீட்டரில் 4 பாகைதான். ஜூம் உள்ள கேமரா என்றால் தள்ளி வைத்து முகத்தைப் பெரிதாக்கிக்கொள்ளலாம். கைபேசியில் அவ்வளவு தூரம் போனால் படம் மங்கும். அங்கே குறிப்பை லென்ஸை ஒட்டி மேலே கொண்டுவருவதுதான் வழி. கேமரா கண் மட்டத்தில் இருக்கட்டும். அதற்காக 40 நிமிடமும் லென்ஸையே முறைக்க வேண்டாம். வேதாகமத்தை வாசிக்கும்போது தாராளமாகக் குனியலாம், ஆனால் ஒரு வாக்கியத்தின் கடைசிச் சொல்லை லென்ஸைப் பார்த்துச் சொல்லி முடியுங்கள். நான் அடிக்கடி தவறியது அங்கேதான்: வாக்கியம் முடிவதற்குள் கண் அடுத்த குறிப்புக்குப் போயிருந்தது.

குரலைப் பற்றி ஒன்று மட்டும். கடைசி வரிசைக்கு எட்டவேண்டும் என்று கத்தாதீர்கள், அங்கே யாருமில்லை. ஆட்கள் இல்லாத மண்டபத்தில் எதிரொலியும் அதிகம், உடைகளும் உடல்களும் உறிஞ்சிக்கொள்ளும் சத்தம் சுவரில் மோதித் திரும்புகிறது. மண்டப ஒலிபெருக்கியை அணைத்துவிட்டு, சட்டையில் குத்தும் மைக்கில், ஒரு மேசைக்கு எதிரே இருப்பவரிடம் பேசும் அளவில் பேசினால் போதும்.

முழுப் பதிவுக்கு முன்னால் இரண்டு நிமிடம் எடுத்துப் பாருங்கள். முதலில் சத்தத்தை அணைத்துவிட்டுக் கண்ணை மட்டும், அப்புறம் திரையைத் திருப்பிவைத்துக் குரலை மட்டும். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் நம் கருத்திலேயே லயித்து, தவறு கண்ணில் படாமல் போய்விடும். அதே பிரசங்கத்தை இப்படிச் சரிபார்த்து மறுபடி பதிவு செய்தபோது 35 நிமிடம் வந்தது. மீதி 5 நிமிடம் முன்பெல்லாம் "ஆமெனா?" என்று கேட்டு நின்ற நேரம். அதைத் திரும்பச் சேர்க்கவில்லை.