சம்பளம் கூடியும் போதாமல் இருந்ததை எப்படிச் சரிசெய்தேன்

கல்லடியில் எங்கள் வீட்டு வருமானம் 90,000 ரூபாயிலிருந்து 140,000 ஆனது. மாதக் கடைசியில் கையிருப்பு மட்டும் அவ்வளவாகக் கூடவில்லை. பன்னிரண்டு மாத வங்கிப் புத்தகத்தைப் பார்த்தேன்: கூடிய 50,000இல் மோட்டார் சைக்கிள் லீசிங் 18,000, போன் தவணை 9,000, கடைச்சாப்பாடும் உடுப்பும் 15,000. தவணைதான் பொல்லாதது, ஆசை ஆறினாலும் கட்டியே ஆக வேண்டும்.

பிறகு 'போதும்' என்பதற்கு ஒரு தொகை வைத்தேன். மாதச் செலவு 82,000. பள்ளிக்கூடச் சாமான், கோயில் திருவிழா, நவம்பர் மழைக்கு முன் கூரைவேலை எல்லாம் வருடத்துக்கு 120,000. பன்னிரண்டால் பிரித்தால் 10,000. ஆக 92,000. வருத்தம், செத்தவீடு என்று வருவதற்கு இன்னொரு 9,000. மொத்தம் 101,000.

தவணைகள் முடிந்த மாதமே, மிச்சம் 39,000 சம்பளத்துக்கு மறுநாள் வேறு கணக்குக்குத் தானாகப் போக வங்கியில் எழுதிக் கொடுத்தேன். விலைவாசிக்காக ஜனவரியில் மட்டும் தொகையைத் திருத்துவேன், அதுவும் பழைய சாமான்களுக்கே. புதுச் சாமான் பட்டியலில் ஏறினால் 'போதும்' மறுபடியும் ஓடத் தொடங்கும்.