தெருவில் சுகர் முகாம் போடுவது எப்படி: முதலில் மதிப்பெண், அப்புறம்தான் விரல்

வியாசர்பாடி, காசிமேடு மாதிரி இடங்களில் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு மேசை, நாலு நாற்காலி, ஒரு குளுக்கோமீட்டர் வைத்து உட்கார்ந்தால் கூட்டம் தானாக வரும். வந்தவர்களுக்கு விரலைக் குத்தி ஒரு எண்ணைச் சொல்லி அனுப்புவதும் சுலபம்தான், ஆனால் அந்த எண்ணோடு அவர் அடுத்து எங்கே போக வேண்டும் என்பது தெரியாமல் போனால் ஸ்ட்ரிப் செலவானதுதான் மிச்சம். புதிதாக முகாமில் சேர்ந்திருக்கும் சுகாதாரத் தன்னார்வலர்களுக்காக, எந்த வரிசையில் செய்வது என்று எழுதுகிறேன்.

படி 1: வரிசையை இரண்டாகப் பிரியுங்கள்

ஏற்கெனவே சுகர் மாத்திரை சாப்பிடுபவர்கள்தான் முதலில் வந்து நிற்பார்கள், ஓசியில் பார்த்துவிடலாம் என்று. தப்பில்லை, ஆனால் அவர்களை இன்னொரு மேசைக்கு அனுப்பி தனி நோட்டில் எழுதுங்கள். முகாம் என்பது இதுவரை தெரியாதவர்களைக் கண்டுபிடிக்கத்தான். மாத்திரையைக் கூட்டு, குறை என்று நீங்கள் எதுவும் சொல்லக் கூடாது. கர்ப்பிணி வந்தால் இந்த வரிசையே வேண்டாம். அவர்களுக்கு 75 கிராம் குளுக்கோஸ் கரைத்துக் குடிக்கவைத்து 2 மணி நேரம் கழித்துப் பார்க்கும் சோதனை இருக்கிறது, நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்பிவிடுங்கள்.

படி 2: ரத்தம் எடுக்கும் முன் மதிப்பெண்

நான் பயன்படுத்துவது இந்திய நீரிழிவு அபாய மதிப்பெண். நம்ம சென்னை மெட்ராஸ் டயபடீஸ் ரிசர்ச் ஃபவுண்டேஷனில் டாக்டர் வி. மோகன் குழுவினர் 2005-ல் வெளியிட்டது. நாலே கேள்வி, மொத்தம் 100.

- வயது: 35-க்குக் கீழ் 0, 35 முதல் 49 வரை 20, 50-ம் அதற்கு மேலும் 30.
- இடுப்புச் சுற்றளவு: பெண்களுக்கு 80 செ.மீ.க்குக் கீழ் 0, 80–89 என்றால் 10, 90-ம் அதற்கு மேலும் 20. ஆண்களுக்கு ஒவ்வொன்றிலும் 10 செ.மீ. கூட்டிக்கொள்ளுங்கள்.
- உடல் உழைப்பு: கடும் உழைப்பு அல்லது கடும் உடற்பயிற்சி 0, லேசானது முதல் மிதமானது வரை 20, எதுவுமே இல்லை, உட்கார்ந்தே வேலை என்றால் 30.
- பெற்றோருக்குச் சுகர்: யாருக்கும் இல்லை 0, ஒருவருக்கு 10, இருவருக்கும் 20.

60-ம் அதற்கு மேலும் வந்தால் அபாயம் அதிகம். 30 முதல் 50 வரை நடுத்தரம்.

இதில் சொதப்புவது இடுப்பளவுதான். பேன்ட் சைஸைக் கேட்டு எழுதிவிடுகிறார்கள், அது தொப்பைக்குக் கீழே நிற்கும் அளவு. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவே, நின்றபடி, மூச்சை இயல்பாக வெளியே விட்டதும் டேப்பைச் சுற்றுங்கள். புடவை கட்டியவர்களுக்குக் கொசுவம் 3, 4 செ.மீ. கூட்டிக் காட்டும். ஒரு திரையைக் கட்டி, உள்ளே ஒரு பெண் தன்னார்வலரை நிறுத்தி, கொசுவத்தைத் தளர்த்தச் சொல்லி அளந்தால்தான் சரியாக வரும்.

படி 3: விரல்

முதல் வேலை, கையை சோப்பு போட்டுக் கழுவி நன்றாகத் துடைக்கச் சொல்வது. நம் முகாமில் ஒருவருக்கு 212 காட்டியது. அவர் சுருதி இறங்கிய முகத்தோடு உட்கார்ந்திருக்க, பக்கத்தில் இருந்த அக்காதான் "அண்ணே, பலாச்சுளை சாப்பிட்டுட்டு வந்தீங்களா?" என்று கேட்டார். விரலில் பிசின் இன்னும் மின்னிக்கொண்டிருந்தது. கழுவிவிட்டு வேறு விரலில் பார்த்தபோது 131. ஸ்பிரிட் மட்டும் தடவுவதை நம்பாதீர்கள், அது பழச்சாற்றை முழுசாக எடுக்காது, காயாமல் குத்தினாலும் ரீடிங் தப்பாகும்.

நடுவிரல் அல்லது மோதிர விரலின் பக்கவாட்டில் குத்துங்கள், நுனி நடுவில் வலி அதிகம். சொட்டு வரவில்லை என்று விரலைப் பிழியாதீர்கள், கையைத் தொங்கவிட்டுத் தடவிக்கொடுத்தால் வரும். ஒருவருக்கு ஒரு லான்செட், பேனா மாதிரியான குத்தும் கருவியைப் பலருக்கும் மாற்றி மாற்றிப் பயன்படுத்தவே கூடாது, ஹெபடைடிஸ் பி அப்படித்தான் பரவும். குத்தி முடித்ததும் லான்செட் நேராகத் துளைக்க முடியாத வெள்ளை டப்பாவுக்குள் போக வேண்டும், ரத்தம் பட்ட பஞ்சு மஞ்சள் பையில்.

சென்னைப் புழுக்கத்தில் ஸ்ட்ரிப் டப்பாவைத் திறந்து வைத்தால் ஈரம் ஏறிவிடும், ஒவ்வொரு முறையும் ஒன்றை எடுத்து உடனே மூடுங்கள். வெயிலில் நிற்கும் வண்டியின் டிக்கியில் வைக்காதீர்கள். காலையில் முதல் ஆளுக்கு முன் கன்ட்ரோல் சொல்யூஷன் ஒரு சொட்டு விட்டு, டப்பாவில் அச்சிட்டிருக்கும் எல்லைக்குள் எண் வருகிறதா என்று பாருங்கள். எல்லாம் சரியாக இருந்தாலும் தரமான மீட்டர்கூட 15 சதவீதம் வரை முன்னே பின்னே காட்டலாம், அதாவது லேபில் 150 இருப்பவருக்கு இங்கே 128-ம் வரலாம், 172-ம் வரலாம். ரத்தசோகை இருந்தால் உண்மையைவிட அதிகமாகவே காட்டும். அதனால் முகாம் மேசையில் யாரிடமும் "உங்களுக்குச் சுகர் இருக்கு" என்று சொல்லாதீர்கள்.

படி 4: கடைசியாக எப்போது சாப்பிட்டார்?

எண்ணுக்குப் பக்கத்திலேயே நேரத்தையும் எழுதுங்கள். "ஒண்ணும் சாப்பிடலப்பா, டீ மட்டும்தான்" என்பார்கள். சர்க்கரை போட்ட டீ சாப்பிட்ட கணக்குதான். குறைந்தது 8 மணி நேரம் தண்ணீர் தவிர வேறு எதுவும் உள்ளே போகவில்லை என்றால் மட்டும் வெறும் வயிறு.

படி 5: சீட்டு

ஒரு உதாரணம் பார்ப்போம். 46 வயது அம்மா, இடுப்பு 92 செ.மீ., வீட்டு வேலை மட்டும், அவருடைய அம்மாவுக்குச் சுகர். 20, 20, 20, 10, மொத்தம் 70. ஒன்றரை மணி நேரம் முன்பு பொங்கல் சாப்பிட்டிருக்கிறார், ரீடிங் 156. இந்த எண்ணை மட்டும் பார்த்தால் "சாப்பிட்டதால வந்தது" என்று விட்டுவிடத் தோன்றும். ஆனால் 140 என்ற வரம்பைத் தாண்டியிருக்கிறது, மதிப்பெண்ணும் 70. அவருக்குச் சீட்டு இப்படி: "மதிப்பெண் 70, உணவுக்கு ஒன்றரை மணி நேரம் பின் விரல் ரத்தம் 156. வெறும் வயிற்றிலும், குளுக்கோஸ் குடித்து 2 மணி நேரம் கழித்தும் நரம்பு ரத்தச் சோதனை தேவை." நிலையத்தின் பெயர், போக வேண்டிய நாள், வெறும் வயிற்றோடு வர வேண்டும் என்பது, மூன்றும் அதில் இருக்கட்டும்.

எண் 140-க்குக் கீழ், ஆனால் மதிப்பெண் 60-ஓ அதற்கு மேலோ என்றாலும் ஒரு வெறும் வயிற்றுச் சோதனைக்கு எழுதிக்கொடுங்கள். இதற்கு நேர்மாறாகவும் நடக்கும். 33 வயது ஆட்டோ ஓட்டுநர், ஒல்லி, இடுப்பு 84, பெற்றோருக்கு ஒன்றும் இல்லை, மதிப்பெண் வெறும் 30. ஆனால் ரீடிங் 238, கூடவே தாகம், ராத்திரி நாலைந்து தடவை சிறுநீர், எடையும் இறங்கியிருக்கிறது. இங்கே மதிப்பெண்ணைத் தூக்கி ஓரமாக வையுங்கள், மறுநாளே டாக்டரைப் பார்க்கட்டும். அறிகுறி இல்லாமல் 200-ஐத் தாண்டினாலும் அந்த வாரத்துக்குள்.

300-க்கு மேல் போய் வாந்தி, வயிற்று வலி, வேகமான மூச்சு, மயக்கம் இருந்தால், அல்லது திரையில் `HI` என்று வந்தால், சீட்டெல்லாம் எழுதிக்கொண்டிருக்க நேரமில்லை, 108-ஐ அழையுங்கள். 70-க்குக் கீழ் காட்டி ஆள் நினைவோடு இருந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது.

படி 6: ஒரு வாரம் கழித்து போன்

நோட்டில் கடைசிப் பத்தியை "போனாரா?" என்று விட்டுவையுங்கள். போகாதவர்கள் பெரும்பாலும் சொல்வது, காலை வேலைக்குப் போகணும், வெறும் வயிற்றில் காத்திருக்க முடியாது என்பதுதான். அதனால் போன் செய்வதற்கு முன் அந்த நிலையத்தில் ரத்தம் எடுக்கும் நேரத்தைக் கேட்டு வைத்துக்கொண்டு, "அக்கா, சீக்கிரம் போயிட்டா முதல்ல எடுத்துடுவாங்க, அப்படியே வேலைக்குப் போயிடலாம்" என்று நேரத்தோடு சேர்த்துச் சொல்லுங்கள். போய் வந்தவர்களிடம் லேப் சீட்டைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லி, அந்த எண்ணையும் அதே வரியில் எழுதிவிடுங்கள்.