அப்பா பெயரில் நிற்கும் வரி ரீஃபண்ட்: பெங்களூரு போகும்போது முடிக்க வேண்டியவை

அப்பா காலமாகி, காரியங்கள் முடிந்து, நீங்கள் மறுபடி வெளிநாடு போன பிறகுதான் வருமான வரித்துறையிலிருந்து அவர் மின்னஞ்சலுக்கு ஒரு கடிதம் வரும்: ரீஃபண்ட் அனுப்பினோம், வங்கிக் கணக்கு மூடப்பட்டிருப்பதால் திரும்பி வந்துவிட்டது என்று. பெங்களூரில் பெற்றோர் இருந்த பல தமிழ்க் குடும்பங்களில் இது நடக்கிறது. இறந்த வருடத்துக்கான ரிட்டர்னும் பாக்கி இருக்கும். இரண்டையும் ஒரே பயணத்தில் முடிக்கலாம், ஆனால் எதை முதலில் செய்வது என்பதில் கவனம் வேண்டும்.

முதல் விஷயம், வங்கிக்கு ஓடிப்போய்க் கணக்கை மூடாதீர்கள். வரித்துறை ரீஃபண்டைப் போடுவது பான் எண்ணும் பெயரும் ஒத்துப்போகிற, முன்கூட்டியே சரிபார்க்கப்பட்ட கணக்கில் மட்டும்தான். அப்பா முதல் பெயராகவும் அம்மா இரண்டாவதாகவும் இருக்கிற கூட்டுக் கணக்கு என்றால், அப்பாவின் பெயரை நீக்கச் சொன்ன அன்றே அவருடைய பானும் போய்விடும், அப்புறம் பணம் எங்கே போகும்? 'இருவரில் ஒருவர் அல்லது உயிரோடிருப்பவர்' வகைக் கணக்கில் அம்மா தொடர்ந்து வரவு செலவு செய்ய முடியும் என்பதால், பெயர் நீக்கத்தை ரீஃபண்ட் வந்த பிறகு வைத்துக்கொள்வதே நல்லது. அப்பா தனியாக வைத்திருந்த கணக்கு என்றால் ஏடிஎம் அட்டையைத் தொடவே கூடாது. ஆனால் அவர் பெயரில் வரும் தொகைகளை வாங்கி வைக்க 'எஸ்டேட்' கணக்கு ஒன்றைத் திறக்க ரிசர்வ் வங்கி விதியில் இடமிருக்கிறது, கிளை மேலாளரிடம் கேளுங்கள்.

இரண்டாவது, அப்பாவுக்காக வரித்துறையின் தளத்தில் யார் வாரிசாகப் பதிவது. நான் சொல்வது அம்மா. நீங்கள் பதியலாம், சட்டத்தில் தடையில்லை, உங்களிடம் இந்திய பான் இருந்தால் போதும். ஆனால் அம்மாவுக்குப் பானும் ஆதாரும் உள்ளூர் வங்கிக் கணக்கும் இருக்கிறது, கையெழுத்து கேட்டால் ஆள் அங்கேயே இருக்கிறார். பல வீடுகளில் அம்மாவின் ஆதாரோடு இணைத்திருப்பது அப்பாவின் கைபேசி எண். அந்த சிம்மை யாரும் ரீசார்ஜ் செய்யாமல் விட்டிருப்பார்கள், ஓடிபி வரவே வராது. ஊர் போய்ச் சேர்ந்ததும் இதைப் பாருங்கள். எண் மாற்ற அம்மாவை ஆதார் மையத்துக்கு நேரில் அழைத்துப் போவதே உறுதியான வழி, அது அமெரிக்காவிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ ஆகாத வேலை.

பதிவு incometax.gov.in தளத்தில். அம்மாவின் பானில் உள்நுழைந்து Authorised Partners, அதில் Register as Representative Assessee, பிறகு இறந்தவரின் வாரிசு என்ற வகை. அப்பாவின் பான் நகல், இறப்புச் சான்றிதழ், வாரிசு என்பதற்கான சான்று மூன்றையும் ஏற்ற வேண்டும். இறப்புச் சான்றிதழை கர்நாடகத்தின் இ-ஜன்ம தளத்திலிருந்து எடுக்கலாம்.

வாரிசுச் சான்றுக்குத்தான் எல்லோரும் அலைகிறார்கள். 'நாடகச்சேரி' எனப்படும் கர்நாடக வருவாய்த்துறை அலுவலகத்தில், உயிரோடிருக்கும் குடும்ப உறுப்பினர் சான்றிதழ் வாங்கலாம், அது செல்லும், சொத்து மாற்றத்துக்கும் பிறகு உதவும். ஆனால் விண்ணப்பம், கிராம நிர்வாக அலுவலர் விசாரணை என்று அது தன் வேகத்தில்தான் வரும், உங்கள் விடுமுறை அதற்குள் முடிந்துவிடும். ரீஃபண்டுக்கு மட்டும் என்றால் அவ்வளவு தேவையில்லை. பதிவு செய்யப்பட்ட உயில், அரசுக் குடும்ப ஓய்வூதியச் சான்று, அல்லது வங்கியின் கடிதத்தாளில் 'இறந்தபோது இவர் கணக்கில் நாமினி அல்லது கூட்டுக் கணக்குதாரராக இருந்தவர் இன்னார்' என்று முத்திரையும் கையெழுத்தும் போட்டுத் தரும் கடிதம், இவற்றில் எதுவானாலும் போதும். வங்கிக் கடிதம்தான் சீக்கிரம் கிடைப்பது. பதியாத உயில் சட்டப்படி செல்லுபடியாகும் என்றாலும் தளம் கேட்கும் பட்டியலில் அது இல்லை.

நம் ஆட்களுக்கே உரிய சிக்கல், இன்ஷியல். பானில் 'சுப்பிரமணியன் ராமசாமி', இறப்புச் சான்றில் 'எஸ். ராமசாமி', பாஸ்புக்கில் வேறொன்று. விண்ணப்பம் நிராகரிக்கப்பட இது ஒன்றே போதும். படிவத்தில் பானில் உள்ளபடியே பெயரை இடுங்கள். கூடவே இந்தப் பெயர்களெல்லாம் ஒருவரே என்று ஸ்டாம்ப் பேப்பரில் நோட்டரி முன் ஒரு பிரமாணப் பத்திரம் எழுதி, இறப்புச் சான்றோடு ஒரே பிடிஎஃப்பாகச் சேர்த்து ஏற்றிவிடுங்கள். ஒப்புதலுக்கு ஏழு நாள் வரை ஆகலாம் என்பதால், போன முதல் வாரத்திலேயே விண்ணப்பித்துவிடுவது உத்தமம். ஒப்புதல் வந்தபின் அம்மாவின் கணக்கிலிருந்தே அப்பாவின் பக்கத்துக்கு மாறிக்கொள்ளலாம்.

இனி ரிட்டர்ன். ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். அப்பா 2024 நவம்பர் 20 அன்று இறந்தார் என்று வையுங்கள், வயது 78. ஏப்ரலிலிருந்து அந்த நாள் வரை ஓய்வூதியம் ரூ.3,45,000, எஃப்.டி. வட்டி ரூ.1,10,000. வங்கிக்கு யாரும் தகவல் சொல்லாததால் மார்ச் வரை இன்னும் ரூ.60,000 வட்டியும் அவர் பானிலேயே ஏறியிருக்கிறது. ஆக, அவர் பானில் பிடித்த வரியைக் காட்டும் 26ஏஎஸ் படிவத்தில் வட்டி ரூ.1,70,000, பிடித்த டிடிஎஸ் 10 சதவீதம், ரூ.17,000. பலரும் இதை அப்படியே காட்டிவிடுகிறார்கள், தவறு. இறந்த நாள் வரையிலான வருமானம் மட்டும்தான் அப்பாவுடையது. அவர் ரிட்டர்னில் ரூ.4,55,000, புதிய வரி முறையில் நிலைக்கழிவு ரூ.75,000 போனால் ரூ.3,80,000, தள்ளுபடியால் வரி பூஜ்யம், அந்த வட்டிக்கு உரிய டிடிஎஸ் ரூ.11,000 முழுதும் ரீஃபண்ட்.

மீதி ரூ.60,000 வட்டி, எஃப்.டி. யாருக்குப் போய்ச் சேருகிறதோ அவருடைய வருமானம். அம்மாவுக்கு என்றால் அம்மாவின் ரிட்டர்னில் வரும். அதற்கான ரூ.6,000 டிடிஎஸ்ஸை அம்மாவின் பானுக்கு மாற்றித் தரும்படி, இறந்த தேதியைக் குறிப்பிட்டு வங்கிக்கு எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்குங்கள். எழுத்தில் என்று அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் வாய்மொழியாகச் சொன்னதை அடுத்த மேலாளர் கேட்கமாட்டார்.

நேரம் தப்பியவர்களுக்கு: தாமத ரிட்டர்ன் அந்த மதிப்பீட்டு ஆண்டின், அதாவது வருமானம் வந்த நிதியாண்டுக்கு அடுத்த ஆண்டின், டிசம்பர் 31 வரைதான். அதன்பின் 'அப்டேட்டட் ரிட்டர்ன்' போடலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம், அதில் ரீஃபண்ட் கேட்க முடியாது. தாமதத்தை மன்னிக்கக் கோரும் மனுதான் வழி, மதிப்பீட்டு ஆண்டு முடிந்ததிலிருந்து ஐந்து வருடத்துக்குள் கொடுக்கலாம் என்று வரித்துறையின் 2024 அக்டோபர் சுற்றறிக்கை சொல்கிறது.

ஏற்கெனவே திரும்பிப்போன பழைய ரீஃபண்டுக்குப் புது ரிட்டர்ன் எதுவும் வேண்டாம். அப்பாவின் பக்கத்தில் Services போய் Refund Reissue என்று கேட்டால் போதும், கணக்கு சரிபார்க்கப்பட்டிருந்தால். அம்மாவின் தனிக் கணக்கைக் கொடுத்து, பான் ஒத்துவரவில்லை என்று தளம் மறுத்தால், அங்கேயே குறைதீர்ப்பு மனு போடுங்கள். அதோடு அப்பாவின் பானுக்கு உரிய மதிப்பீட்டு அதிகாரிக்கு, பின்னால் சிக்கல் வந்தால் பொறுப்பேற்பதாகச் சொல்லும் ஈட்டுறுதிப் பத்திரமும் மற்ற வாரிசுகளின் ஆட்சேபணையின்மைக் கடிதமும் வைத்து எழுதுங்கள். உங்கள் கையெழுத்து தேவைப்படுவது இங்கேதான், கிளம்பும் முன் போட்டு வைத்துவிடுங்கள். அந்த அதிகாரி பெங்களூரில்தான் இருப்பார் என்று நினைக்காதீர்கள். அப்பா சென்னையில் வேலை பார்த்தபோது எடுத்த பான் என்றால் பெரும்பாலும் இன்னும் சென்னை வட்டத்திலேயே கிடக்கும், தளத்தில் பான் எண்ணைப் போட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.

கடைசியாக அப்பாவின் பான். யாரோ சொன்னார்கள் என்று அதை உடனே ஒப்படைத்துவிடாதீர்கள். இரண்டு ரீஃபண்டும் கணக்கில் விழுந்து, பெயர் நீக்கமும் முடிந்த பிறகு அதே அதிகாரிக்கு இறப்புச் சான்று நகலோடு கடிதம் எழுதினால் போதும்.