ஐந்து மதிப்பெண் நெடுவினாவில் அரை மதிப்பெண்ணை எங்கே கொடுப்பது?

விடைத்தாள் திருத்த முதல்முறை உட்காருபவர்களுக்கு ஒரு மதிப்பெண் வினாவில் குழப்பமே வராது. நெடுவினாவில்தான் பேனா தயங்கும். பாதி சரி, பாதி தப்பு என்று எழுதியிருக்கும் வரிக்கு என்ன போடுவது? ஒரே ஒரு வினாவை எடுத்துக்கொண்டு பார்ப்போம்.

வினா: மனித இதயத்தின் வழியே இரத்தம் செல்லும் பாதையை விளக்குக. (5 மதிப்பெண்)

விடைக்குறிப்பில் ஐந்து கருத்துகள், ஒவ்வொன்றுக்கும் 1 மதிப்பெண்:

1. ஆக்சிஜன் குறைந்த இரத்தம் பெருஞ்சிரைகள் வழியே வலது ஆரிக்கிளுக்கு வருகிறது
2. மூவிதழ் வால்வு வழியே வலது வென்ட்ரிக்கிளுக்குச் செல்கிறது
3. நுரையீரல் தமனி வழியே நுரையீரலை அடைகிறது
4. ஆக்சிஜன் பெற்று, நுரையீரல் சிரைகள் வழியே இடது ஆரிக்கிளுக்கு வருகிறது
5. ஈரிதழ் வால்வு வழியே இடது வென்ட்ரிக்கிளுக்கும், அங்கிருந்து பெருந்தமனி வழியே உடலுக்கும் செல்கிறது

முதலில், எதை உடைக்கலாம் என்று முடிவு செய்யுங்கள்

விடைத்தாளைத் தொடும் முன்பே இதைச் செய்துவிட வேண்டும். இந்த வினாவில் ஒவ்வொரு கருத்திலும் இரண்டு செய்திகள் இருக்கின்றன: இரத்தம் எங்கே போகிறது, எதன் வழியே போகிறது. ஆகவே ½ + ½ என்று பிரிக்கலாம். ஐந்தாவதில் மட்டும் வால்வும் வென்ட்ரிக்கிளும் சேர்ந்து ½, பெருந்தமனி வழியே உடலுக்கு என்பது ½. ஒரே ஒரு செய்தி மட்டும் உள்ள கருத்தை உடைக்கக் கூடாது. அங்கே 1 அல்லது 0தான். இந்தப் பிரிவினையை நீங்களாக வைத்துக்கொள்ளாமல் முதன்மைத் தேர்வாளரிடம் சொல்லி, எல்லோருக்கும் ஒன்றாக்கிவிடுங்கள். இல்லாவிட்டால் ஒரே விடைக்குப் பக்கத்து மேசையில் வேறு மதிப்பெண் விழும்.

இப்போது ஒரு மாணவரின் விடை

“உடலிலிருந்து வரும் அசுத்த இரத்தம் பெருஞ்சிரைகள் வழியாக வலது ஆரிக்கிளை அடைகிறது. ஈரிதழ் வால்வைத் தாண்டி வலது வென்ட்ரிக்கிளுக்குப் போகிறது. பின் நுரையீரல் சிரை வழியாக நுரையீரலுக்குச் செல்கிறது. அங்கு ஆக்சிஜன் பெற்று நுரையீரல் தமனி வழியாக இடது ஆரிக்கிளுக்கு வருகிறது. அடுத்து ஈரிதழ் வால்வு வழியாக இடது வென்ட்ரிக்கிளுக்கு வந்து உடல் முழுவதும் செல்கிறது.”

முதல் வரிக்கு முழு 1. ‘அசுத்த இரத்தம்’ என்பது குறிப்பில் உள்ள சொல் இல்லைதான், ஆனால் பொருள் அதுவே. இரண்டாவதில் அறை சரி, வால்வு தப்பு: ½.

மூன்றும் நான்கும்தான் சிக்கல். தமனியையும் சிரையையும் இடம் மாற்றிவிட்டார். “ஒரே குழப்பம்தானே, இரண்டு முறை ஏன் குறைக்க வேண்டும்?” என்று மனசு கேட்கும். ஆனால் நாம் ஐந்திலிருந்து கழித்துக்கொண்டு வரவில்லை. பூஜ்யத்திலிருந்து கூட்டிக்கொண்டு போகிறோம். நுரையீரலுக்குப் போகும் குழாயின் பெயர் ஒரு செய்தி, அங்கிருந்து திரும்பும் குழாயின் பெயர் இன்னொரு செய்தி. இரண்டுமே அவர் விடையில் சரியாக இல்லை. போகும் இடம் இரண்டிலும் சரி. ஆகவே ½, ½.

கணக்கில் கதையே வேறு. முடுக்கத்தை 2 என்பதற்குப் பதில் 3 என்று தவறாகக் கண்டுபிடித்த மாணவர், அந்த 3-ஐ வைத்து விசையைச் சரியான முறையில் கணக்கிட்டிருந்தால், விசைக்கான படியின் மதிப்பெண்ணைக் கொடுக்கலாம். அங்கே பின்வரும் படி முந்தைய விடையிலிருந்து பிறக்கிறது. இதய வினாவில் அப்படி எதுவும் பிறக்கவில்லை. ஒவ்வொரு பெயரும் தனித்தனியாகத் தெரிந்திருக்க வேண்டியது.

ஐந்தாவதில் வால்வும் வென்ட்ரிக்கிளும் சரி. ஈரிதழ் வால்வை மேலே தப்பான இடத்தில் எழுதினார் என்பதற்காக இங்கே பிடித்து வைக்காதீர்கள். பெருந்தமனியைக் காணோம், அதனால் ½. மொத்தம் 1 + ½ + ½ + ½ + ½ = 3.

எழுதும் இடம்

ஒவ்வொரு ½-ஐயும் அந்தந்த வரிக்கு நேரே ஓரத்தில் போடுங்கள், கடைசியில் கூட்டுங்கள். விடை முழுவதையும் படித்துவிட்டு “இது மூணு தேறும்” என்று போட்டால் அழகான கையெழுத்துக்கும் நீளமான விடைக்கும் தெரியாமலே கூடுதலாகப் போய்விடும். மறுகூட்டலில் கேள்வி வந்தாலும் அந்த மூன்று எங்கிருந்து வந்தது என்று காட்ட முடியாது.

சிலர் “மூவிதழ் அல்லது ஈரிதழ் வால்வு” என்று இரண்டையும் எழுதி வைப்பார்கள். அதற்கு வால்வுக்கான ½ கிடையாது, ஏனென்றால் எது சரி என்று தேர்ந்தெடுக்கும் வேலையை நம்மிடம் விட்டுவிட்டார். ஆனால் ஒன்றை அடித்துவிட்டு மற்றதை எழுதியிருந்தால், அடிக்காததை மட்டும் பாருங்கள். இதயத்துடிப்பைப் பற்றி நான்கு வரி கூடுதலாக எழுதியிருந்தால், அதற்குக் கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம்.

குறிப்பில் இல்லாத, ஆனால் அறிவியல்படி சரியான வார்த்தை வந்தால் நீங்களே தீர்ப்பு எழுதாதீர்கள். வால்வுக்கு ‘மிட்ரல்’ என்று ஒருவர் எழுதியிருக்கலாம். ஈரிதழ் வால்வின் இன்னொரு பெயர்தான் அது. முதன்மைத் தேர்வாளரிடம் காட்டி, ஏற்றுக்கொண்டால் விடைக்குறிப்பிலேயே குறித்து வையுங்கள். அப்புறம் ஏற்கனவே திருத்திய தாள்களில் அதே சொல்லுக்குப் பூஜ்யம் போட்டிருக்கிறீர்களா என்று ஒருமுறை புரட்டிப் பார்த்துத் திருத்துங்கள்.