பிரெஞ்சு பேச்சின் தாளம் பிடிபட: பதினைந்து விநாடி ஒலித்துண்டில் ஷேடோயிங்

ஷேடோயிங் என்பது ஒலிப்பதிவு ஓடிக்கொண்டிருக்கும்போதே, ஓரிரு அசை பின்தங்கி, அதன் கூடவே பேசுவது. வாக்கியம் முடியும்வரை காத்திருந்து திருப்பிச் சொன்னால் அது வேறு பயிற்சி. காத்திருக்கும் அந்த இடைவெளியில் பேசியவரின் தாளம் மறந்து, நம் தாளம் உள்ளே புகுந்துவிடும்.

துண்டைத் தேர்ந்தெடுப்பது

10 முதல் 15 விநாடி போதும். ஒருவர் மட்டும் பேச வேண்டும், பின்னணி இசை கூடாது, எழுத்து வடிவம் கையில் இருக்க வேண்டும். ஆர்எஃப்ஐ வானொலியின் எளிய பிரெஞ்சுச் செய்தியறிக்கை எழுத்து வடிவத்தோடு கிடைக்கிறது. அதிலிருந்து மூன்று வாக்கியங்களை வெட்டிக்கொள்ளலாம். புரியாத சொல் இருந்தால் முதலில் பொருள் பார்த்துவிடுங்கள். பொருள் தேடும் மனம் தாளத்தைக் கவனிக்காது.

பேசுவதற்கு முன் பென்சில்

பெரும்பாலோர் தாண்டிப் போவது இந்தப் படியைத்தான். ஆங்கிலத்தில் ஒவ்வொரு முக்கியச் சொல்லுக்கும் அழுத்தம் உண்டு. பிரெஞ்சில் பல சொற்கள் சேர்ந்து ஒரே கூறாக ஒலிக்கும். கூறின் கடைசி அசை மட்டும் நீளும். மற்ற அசைகள் ஏறக்குறைய ஒரே அளவில் ஓடும். ஆகவே துண்டை இரண்டு மூன்று முறை கேட்டு, நீளும் அசை வரும் இடத்திலெல்லாம் கோடு போடுங்கள். இப்படி:

```
Mes amis / arrivent à huit heures / avec les enfants.
```

இதன் ஒலியைத் தமிழில் தோராயமாக எழுதினால்: மே-ஸ-மி / அ-ரி-வா-உயி-தேர் / அ-வெக்-லே-ஸான்-ஃபான். மூன்று, ஐந்து, ஐந்து அசைகள். இங்கே ‘ஸ’ தொண்டை அதிர வர வேண்டும். கடைசியில் வரும் ‘ன்’ தனியாக ஒலிக்காது, உயிரொலியே மூக்கின் வழியாகவும் வரும்.

எழுத்தில் இருக்கும் சொல் எல்லைகள் ஒலியில் கரைந்துவிட்டதைப் பாருங்கள். முதல் சொல்லின் கடைசி மெய் அடுத்த சொல்லின் உயிரோடு சேர்ந்து ‘ஸ’ ஆகிறது. எட்டைக் குறிக்கும் சொல்லின் ‘த்’, மணியைக் குறிக்கும் சொல்லோடு ஒட்டி ‘தேர்’ ஆகிறது. ஆனால் முதல் கோட்டைத் தாண்டி ‘மி-ஸ-ரிவ்’ என்று இணைக்கக் கூடாது. பன்மைப் பெயர்ச்சொல் எழுவாயாக வரும்போது அதையும் வினைச்சொல்லையும் அப்படிச் சேர்ப்பதில்லை.

பயிற்சி வரிசை

1. சொற்களை விட்டுவிட்டு, ‘த-த-தா / த-த-த-த-தா / த-த-த-த-தா’ என்று பதிவோடு சேர்ந்து ஐந்து முறை சொல்லுங்கள். விரலால் மேசையைத் தட்டினால் அசை தவறுவது உடனே தெரியும்.
2. எழுத்தைப் பார்த்தபடி, தணிந்த குரலில் கூடவே பேசுங்கள். ஒரு காதில் மட்டும் இயர்போன் இருக்கட்டும்; மற்றக் காது உங்கள் குரலைக் கேட்க வேண்டும். வேகம் தாங்கவில்லை என்றால் வி.எல்.சி. பிளேயரில் `[` விசையை அழுத்திக் குறைக்கலாம். 0.8 மடங்குக்குக் கீழே போக வேண்டாம்: எல்லா அசையும் நீண்டுவிட்டால், கடைசி அசையின் நீட்சி காதில் தனித்துப் படாது.
3. இயல்பு வேகத்துக்குத் திரும்பி, எழுத்தை மூடிவிட்டுப் பேசுங்கள். ஒரு சொல் தவறினால் நிறுத்தாதீர்கள், அடுத்த கூற்றில் சேர்ந்துகொள்ளுங்கள். நிறுத்தி நிறுத்திப் பேசினால் பயிற்சியாவது நிறுத்தம்தான்.

பத்துப் பதினைந்து நிமிடம் ஆனதும் விட்டுவிடலாம். அதற்குமேல் வாய் களைத்து, முணுமுணுப்புதான் மிஞ்சும்.

எங்கே பின்தங்குகிறோம்?

கைபேசியில் உங்கள் குரலைப் பதிந்து, மூலத்தோடு மாற்றி மாற்றிக் கேளுங்கள். கூற்றுக்கு நடுவிலேயே தாமதமானால், முதலில் சந்தேகிக்க வேண்டியது நம் ‘உ’வை. மெய்யில் முடியும் சொல்லைத் தமிழ் வாய் ‘அவெக்கு’ என்று முடித்துவைக்கப் பார்க்கும். இரண்டு அசை மூன்றாகிறது, மெய்யும் இரட்டிக்கிறது. மேசைத் தட்டில் ஐந்துக்குப் பதில் ஆறு வரும். தீர்வு: அந்த மெய்யைப் பிடித்து அடுத்த சொல்லோடு ஒட்டிவிடுங்கள். ‘வெக்லே’ என்று ஒரே சொல்லாகப் பத்து முறை சொல்லி, பிறகு முழுக் கூறுக்கு வாருங்கள்.

தாமதம் இல்லை, ஆனாலும் ஒலி அந்நியமாக இருக்கிறதா? ஆங்கிலத்தில் பழகிய சொல்லழுத்தம் நுழைந்திருக்கும். ‘அ-ரி-வா’ என்று நடு அசை எகிறுகிறதா எனப் பாருங்கள். இதற்குக் கூற்றைக் கடைசியிலிருந்து கட்டுவது உதவும்: ‘தேர்’, ‘உயிதேர்’, ‘வாஉயிதேர்’, ‘அரிவாஉயிதேர்’. ஒவ்வொரு முறையும் நீட்சி ‘தேர்’ மேலேயே விழும்.

இதே துண்டை மூன்று நான்கு நாள் வைத்துக்கொள்ளுங்கள். எழுத்தைப் பார்க்காமல், கூறு எல்லைகளில் பதிவோடு ஒரே நேரத்தில் போய்ச் சேர்ந்தால் அடுத்த துண்டுக்குப் போகலாம். செய்தி வாசிப்பு நன்றாக வந்தபின் உரையாடலை எடுங்கள். அங்கே ne … pas என்னும் எதிர்மறை இணையின் முதல் பாதியும் பல குறுகிய உயிர்களும் ஒலிக்காமல் போய்விடும். எழுத்தை நம்பாமல், காதில் விழுந்த அசைகளை மட்டும் எண்ணிக் கோடு போடுங்கள்.