கிளைச் சராசரிகளின் சராசரி ஏன் மொத்தச் சராசரியோடு ஒத்துப்போவதில்லை?

பிவட் டேபிளில் கிளைவாரியாகச் சராசரி பில் தொகையை எடுத்தால், கடைசி வரியில் Grand Total என்று ஓர் எண் வரும். மேலே உள்ள கிளைச் சராசரிகளை நாமே கூட்டி வகுத்தால் அந்த எண் வராது. எக்செல் சரியாகத்தான் போட்டிருக்கிறது. அது கிளைகளைப் பார்க்காமல், எல்லா பில்களையும் கூட்டி பில்களின் எண்ணிக்கையால் வகுக்கிறது.

மூன்று கிளைகள் உள்ள ஒரு பேக்கரியை வைத்துக்கொள்வோம்.

| கிளை | பில்கள் | சராசரி (ரூ.) |
|---|---|---|
| மதுரை | 800 | 200 |
| திண்டுக்கல் | 150 | 300 |
| தேனி | 50 | 500 |

1. முதலில் மொத்தத்துக்குத் திரும்புங்கள். எண்ணிக்கையைச் சராசரியால் பெருக்கினால் கிளையின் விற்பனை கிடைக்கும்: 1,60,000, 45,000, 25,000. கூட்டினால் 2,30,000. பில்கள் 1,000. ஆக, ஒரு பில்லுக்கு 230 ரூபாய்.

2. சராசரிகளை மட்டும் கூட்டிப் பாருங்கள். (200 + 300 + 500) ÷ 3 = 333.33. நூறு ரூபாய்க்கு மேல் வித்தியாசம். 3-ஆல் வகுக்கும்போது 50 பில் போட்ட தேனிக்கும் 800 பில் போட்ட மதுரைக்கும் சம பங்கு போய்விடுகிறது. தேனியின் ஒரு பில், மதுரையின் 16 பில்களுக்குச் சமமாக நிற்கிறது.

இதன் விளைவு ஒரு பெரிய ஆர்டர் வந்தால் தெரியும். தேனியில் 10,000 ரூபாய்க்கு ஒரு கல்யாண கேக் பில் கூடுதலாக வருகிறது என்றால், அந்தக் கிளையின் சராசரி ஏறக்குறைய 686 ஆகிவிடும். சராசரிகளின் சராசரி 333-இலிருந்து 395-க்குத் தாவும். உண்மையான மொத்தச் சராசரியோ 230-இலிருந்து 240-க்குச் சற்றுக் கீழே வரைதான் போகும். முதல் எண்ணை நம்பினால் வியாபாரமே சூடுபிடித்துவிட்டதாக நினைக்கத் தோன்றும்.

3. சூத்திரம் போடுங்கள். D-யில் கிளை, E-யில் எண்ணிக்கை, F-இல் சராசரி இருந்தால்:

```
=SUMPRODUCT(E2:E4,F2:F4)/SUM(E2:E4)
```

230 வரும். பில் விவரம் முழுசாகக் கையில் இருந்தால் இதுகூட வேண்டாம். கிளைப் பெயர் A-யிலும் தொகை B-யிலும் இருக்கிறதென்றால் `=AVERAGE(B2:B1001)` போதும்.

4. இரண்டும் ஒத்துப்போகிறதா பாருங்கள். பைசா கணக்கில் வித்தியாசம் என்றால், F-இல் சராசரியை முழு ரூபாயாக்கி வைத்திருக்கலாம். பெரிதாக இடித்தால் எண்ணிக்கையைச் சந்தேகியுங்கள். ரத்தான பில்லின் தொகையைக் காலியாக விட்டிருந்தால், AVERAGE அதைச் சேர்க்காது. ஆனால் கிளைப் பெயரை மட்டும் எண்ணும் COUNTIF சேர்த்துவிடும். அப்போது E2-இல் இப்படி எண்ணிக் கீழே இழுத்துவிடுங்கள்:

```
=COUNTIFS(A$2:A$1001,D2,B$2:B$1001,"<>")
```

அப்புறம், 333.33-க்கு அர்த்தமே இல்லை என்று தூக்கிப் போட வேண்டாம். கிளை மேலாளர்களை ஒப்பிடும்போது ஒவ்வொரு கிளையையும் ஒன்றாகவே எண்ண வேண்டியிருக்கும். அங்கே அந்த எண்தான் வேண்டும். அறிக்கையில் அதன் தலைப்பைச் 'சராசரி பில்' என்று போடாமல் 'கிளைச் சராசரிகளின் சராசரி' என்று முழுசாக எழுதிவிடுங்கள்.