10 சதவீதம் என்றார்கள், கணக்கில் 17.9 வந்தது

அச்சகத்துக்கு இயந்திரம் வாங்க 5 லட்சம் ரூபாய் தேவைப்பட்டது. ஒரு நிதி நிறுவனம் 10% ஃபிளாட் வட்டி என்றது. வங்கி, குறையும் நிலுவையில் 16% என்றது. தவணைக் காலம் இரண்டிலும் 36 மாதம். முதலில் நிதி நிறுவனத்தின் பக்கமே சாய்ந்தேன்.

மாதத் தவணையைக் கேட்டதும்தான் விழித்தேன். அங்கே 18,056 ரூபாய், வங்கியில் 17,579. ஃபிளாட் முறையில், அசலில் பெரும்பகுதியைக் கட்டி முடித்த பிறகும் முழு 5 லட்சத்துக்கே வட்டி போடுகிறார்கள். எக்செல்லில் இப்படிப் போட்டேன்:

```
=RATE(36,-18056,500000)*12
```

விடை ஏறக்குறைய 17.9%. வங்கியின் 16 சதவீதத்தோடு ஒப்பிட வேண்டியது இதைத்தான். செயலாக்கக் கட்டணத்தைப் பிடித்துக்கொண்டு கொடுத்தால், 500000 இருக்கும் இடத்தில் கைக்கு வரும் தொகையைப் போட வேண்டும். விகிதம் இன்னும் ஏறும். வங்கியிலேயே கடன் வாங்கினேன். 36 மாதங்களில் சுமார் 17,000 ரூபாய் மிச்சம்.